அசிட்டால்: போகிற வழியும் திரும்புகிற வழியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தருமபுரியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குக் கரிம வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, கிருஷ்ணகிரி என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். கார்பனைல் பாடம் நடக்கும் வாரத்தில், ஆல்டிஹைடு ஆல்கஹாலோடு சேர்ந்து அசிட்டால் ஆவது, அது திரும்ப ஆல்டிஹைடாக உடைவது பற்றிய இந்தக் கேள்விகள் வருஷா வருஷம் வந்துவிடும். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்றுதான்: பென்சால்டிஹைடும் எத்திலீன் கிளைக்காலும். இந்த ஒரு ஜோடியைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும்.

சார், ஹெமி அசிட்டால், அசிட்டால் ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கே. எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

மூலக்கூறு முழுவதையும் பார்க்காதீர்கள். ஆல்டிஹைடில் C=O ஆக இருந்த அந்த ஒரு கார்பனை மட்டும் பாருங்கள். அதில் ஒரு OH, ஒரு OR தொங்கினால் ஹெமி அசிட்டால். இரண்டும் OR என்றால் அசிட்டால். ஆல்டிஹைடுக்கே உரிய அந்த ஹைட்ரஜன் மூன்று நிலையிலும் அதே கார்பனில்தான் இருக்கிறது, அது எங்கும் போவதில்லை.

எத்திலீன் கிளைக்காலில் இரண்டு OH இருப்பதால் ஒரே மூலக்கூறு இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஐந்து அணு வளையம் கிடைக்கும். பென்சால்டிஹைடிலிருந்து வருவதன் பெயர் 2-பீனைல்-1,3-டைஆக்ஸோலேன்.

ஆல்டிஹைடையும் ஆல்கஹாலையும் சும்மா கலந்து வச்சா ஆகாதா? ஆசிட் எதுக்கு?

பாதி ஆகும். ஆல்கஹாலின் ஆக்சிஜன் கார்பனைல் கார்பனைத் தாக்கி ஹெமி அசிட்டால் உண்டாவதற்கு அமிலம் கட்டாயம் இல்லை. அமிலம் இல்லாமல் மெதுவாக நடக்கும். காரம் இருந்தாலும் நடக்கும், ஏனென்றால் RO⁻ இன்னும் வலுவான கருக்கவர்.

ஆனால் காரத்தில் வண்டி அங்கேயே நின்றுவிடும். அடுத்த படியில் ஹெமி அசிட்டாலின் OH வெளியேற வேண்டும். OH⁻ ஆக அது போக விரும்பாது. அதன் மேல் ஒரு புரோட்டான் ஏறி, தண்ணீராக மாறினால்தான் போகும். அந்தப் புரோட்டானைக் கொடுப்பதுதான் அமிலத்தின் முக்கிய வேலை. முதல் பாதியில் அமிலம் வேகத்தைக் கூட்டுகிறது, இரண்டாம் பாதியில் அது இல்லாமல் வினையே இல்லை. அசிட்டால் காரத்தில் அசையாமல் நிற்பதும், அமிலத்தில் உடைவதும் இதே காரணத்தால்தான். கீழே இதற்கே பலமுறை திரும்பி வருவோம்.

முழு மெக்கானிசத்தையும் ஒரு தடவை வரிசையா சொல்லிடுங்க.

சரி. தாளில் எழுதிக்கொண்டே படியுங்கள். மொத்த வினை இது:

```
PhCHO + HOCH2CH2OH  ⇌  C6H5-CH(OCH2)2 + H2O
```

முதலில் ஆல்டிஹைடின் ஆக்சிஜன் ஒரு புரோட்டானைப் பெறுகிறது. கிடைப்பது PhCH=OH⁺. இதன் pKa சுமார் −7, அதாவது மிக வலுவான அமிலம். அதனால் எந்த நொடியில் பார்த்தாலும் ஆல்டிஹைடில் மிகச் சிறு பகுதிதான் இந்த வடிவத்தில் இருக்கும். அது போதும். அந்தச் சிறு பகுதியின் கார்பன் எலக்ட்ரானுக்கு அவ்வளவு ஏங்கி நிற்கிறது.

அடுத்து கிளைக்காலின் ஒரு ஆக்சிஜன் தன் தனி இணையோடு அந்தக் கார்பனைத் தாக்குகிறது. C=O இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பாகிறது. இப்போது நேர்மின்சுமை புதிதாக வந்த ஆக்சிஜன் மேல். அதில் இருக்கும் புரோட்டானை இன்னொரு கிளைக்கால் மூலக்கூறு எடுத்துக்கொள்கிறது. நம் கையில் இருப்பது ஹெமி அசிட்டால்: PhCH(OH)OCH₂CH₂OH.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். இந்த மூலக்கூறில் மூன்று ஆக்சிஜன்கள் இருக்கின்றன. புரோட்டான் எதன் மேல் வேண்டுமானாலும் ஏறும். வால்நுனி OH மேல் ஏறினால் பயன் எதுவும் இல்லை, இறங்கிவிடும். கார்பனோடு சேர்ந்த OR ஆக்சிஜன் மேல் ஏறினால் கிளைக்கால் வெளியேறி, வந்த வழியே ஆல்டிஹைடுக்குத் திரும்பும். அந்தக் கார்பனின் OH மேல் ஏறினால் மட்டும்தான் முன்னே போக முடியும். மூன்றும் நடந்துகொண்டே இருக்கின்றன. நாம் எழுதுவது நம்மை முன்னே கொண்டுபோகும் ஒன்றை.

OH மேல் புரோட்டான் ஏறியதும் அது OH₂⁺ ஆகிறது. இப்போது பக்கத்து OR ஆக்சிஜன் தன் தனி இணையைக் கார்பனுக்குக் கொடுத்து, தண்ணீரை வெளியே அனுப்புகிறது. உண்டாவது PhCH=O⁺–CH₂CH₂OH. இதுதான் ஆக்ஸோகார்பீனியம் அயனி. இதன் நேர்மின்சுமை கார்பனிலும் ஆக்சிஜனிலும் உடனிசைவால் பங்கிடப்படுகிறது. பென்சீன் வளையமும் கொஞ்சம் தாங்குகிறது. முழு மெக்கானிசத்தின் இதயம் எது என்று என்னைக் கேட்டால் இந்த அயனியைத்தான் காட்டுவேன். முன்னே போகும் வழியும் திரும்பி வரும் வழியும் இதன் வழியாகத்தான் போகின்றன.

கடைசியாக வாலில் இருக்கும் OH வளைந்து வந்து அந்தக் கார்பனைத் தாக்குகிறது. வளையம் மூடுகிறது. ஆக்சிஜன் மேல் மிச்சமிருக்கும் புரோட்டான் இறங்குகிறது. அசிட்டால் தயார். முதலில் கொடுத்த புரோட்டான் கடைசியில் திரும்பக் கிடைத்துவிட்டது, அதனால்தான் அமிலத்தை வினைவேக மாற்றி என்கிறோம்.

எல்லாப் படிகளிலும் இரட்டை அம்புக்குறி போடுங்கள். இந்த வழியில் ஒருவழிப் பாதை எங்கும் கிடையாது.

ரெண்டாவது OH நேரா SN2 மாதிரி வந்து தண்ணியைத் தள்ளிட்டு உட்காரக் கூடாதா?

நல்ல கேள்வி. தாளில் எழுத அது சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் சோதனைகள் வேறு கதை சொல்கின்றன.

பென்சால்டிஹைடு அசிட்டால்களில் வளையத்தின் பாரா இடத்தில் ஒரு மெத்தாக்ஸி தொகுதி வைத்தால் அமில நீராற்பகுத்தல் மிக வேகமாகிறது. நைட்ரோ வைத்தால் பல மடங்கு மந்தமாகிறது. எலக்ட்ரான் தருகிற தொகுதி இவ்வளவு உதவுகிறது என்றால், மெதுவான படியில் அந்தக் கார்பன் மேல் பெரிய நேர்மின்சுமை உருவாகிறது என்று அர்த்தம். பின்பக்கமிருந்து ஒருவர் தள்ள, முன்பக்கம் ஒருவர் போக என்று நடந்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியாது. நீராற்பகுத்தலில் கண்டது உருவாகும் வினைக்கும் பொருந்தும். சமநிலையில் இருக்கும் வினையில் போகிற பாதையும் வருகிற பாதையும் ஒன்றேதான்.

எந்தப் பிணைப்பு உடைகிறது என்பதற்கும் அழகான சாட்சி உண்டு. மெத்தனாலின் ஆக்சிஜனை கனமான ¹⁸O ஆக மாற்றி, பென்சால்டிஹைடோடு வினைப்படுத்தினால் அந்தக் கனமான ஆக்சிஜன் அசிட்டாலில்தான் சேர்கிறது. வெளியே வரும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர். ஆகவே தண்ணீரின் ஆக்சிஜன் ஆல்டிஹைடிலிருந்து வந்தது, ஆல்கஹாலின் C–O பிணைப்பு தொடப்படவே இல்லை. ஒளிச்சுழற்சி உள்ள 2-ஆக்டனாலில் செய்த அசிட்டாலை அமிலத்தில் உடைத்தபோதும் அந்த ஆக்டனால் தன் சுழற்சி மாறாமல் திரும்பி வந்தது. அதுவும் இதையே சொல்கிறது.

பரீட்சையில இந்த மெக்கானிசத்துக்கு எங்க சார் மார்க் போகுது?

அமிலக் கரைசலில் RO⁻ அல்லது OH⁻ எழுதுவதில்தான் அதிகம் போகிறது. புரோட்டான் தாராளமாக இருக்கும் இடத்தில் RO⁻ வாழாது. தாக்குவது ROH, வெளியேறுவது H₂O. இது ஒன்றை மனதில் வைத்தால் பாதித் தவறுகள் வராது. இன்னொன்று, ஆக்ஸோகார்பீனியம் அயனியை எழுதாமல் ஹெமி அசிட்டாலிலிருந்து அசிட்டாலுக்குத் தாவிவிடுவது.

லேப்ல செஞ்சு பார்க்கணும். அளவோட சொல்லுங்க.

0.1 மோல் அளவில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் பென்சால்டிஹைடு பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படிகம் ஒட்டியிருந்தால் அது பென்சாயிக் அமிலம். காற்றுப் பட்டு ஆல்டிஹைடு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. அப்படியே எடுத்தால் உங்கள் 0.1 மோல் கணக்கு 0.1 மோலாக இருக்காது. சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்து எடுங்கள்.

ஒரு 250 மி.லி உருண்டைக் குடுவையில் பென்சால்டிஹைடு 10.6 கிராம் (சுமார் 10.2 மி.லி, 0.1 மோல்), எத்திலீன் கிளைக்கால் 7.4 கிராம் (சுமார் 6.7 மி.லி, 0.12 மோல்), டொலுயீன் 60 மி.லி, பாரா டொலுயீன் சல்போனிக் அமில மோனோஹைட்ரேட் 0.19 கிராம் (1 மில்லி மோல்) போடுங்கள். கொதிகல் இரண்டு துண்டு. மேலே டீன்–ஸ்டார்க் குழாய், அதன் மேல் குளிர்விப்பான். குழாயை முன்கூட்டியே டொலுயீனால் நிரப்பி வையுங்கள். தீச்சுடர் கிட்டே வரக்கூடாது. மேன்டில் அல்லது எண்ணெய்த் தொட்டியில்தான் சூடாக்க வேண்டும்.

ஆரம்பத்தில் குடுவையில் இரண்டு அடுக்கு தெரியும், ஏனென்றால் கிளைக்கால் டொலுயீனில் கரையாது. பயப்பட வேண்டாம். வினை போகப் போக அடியில் இருக்கும் அடுக்கு சுருங்கி மறையும்.

கொதிக்க ஆரம்பித்ததும் டொலுயீனும் தண்ணீரும் சேர்ந்து ஆவியாகும். டொலுயீன் தனியாக 110.6 டிகிரியில் கொதிப்பது, தண்ணீரோடு சேர்ந்தால் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்து எழும். மேலே குளிர்ந்து குழாயில் சொட்டும்போது முதலில் கலங்கலாக, பால் விட்ட மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் குட்டிக் குட்டி மணிகளாகத் தண்ணீர் கீழே இறங்கும், டொலுயீன் மேலே மிதந்து வழிந்து குடுவைக்கே திரும்பும். அந்த மணிகள் சுவரில் ஒட்டிக்கொண்டால் மெல்லத் தட்டி இறக்குங்கள். கீழே சேர்ந்த தண்ணீரின் அளவு ஏறிக்கொண்டே போய், ஒரு மணி நேரமாக நகராமல் நின்றால், சொட்டும் திரவமும் தெளிந்துவிட்டால் வினை முடிந்தது. இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும்.

இந்தக் குழாய் செய்யும் வேலை வெறும் வசதிக்காக இல்லை. சமநிலையில் ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்தால் வினை அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். அமிலம் சமநிலையை நகர்த்தாது, சீக்கிரம் எட்ட மட்டும் வைக்கும். எந்தப் பக்கம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்.

ஆறியதும் முதல் வேலை, வேறு எதையும் செய்யும் முன், நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் கரைசல் 25 மி.லி வீதம் இரண்டு முறை கழுவுங்கள். அப்புறம் தண்ணீர், அப்புறம் உப்புக் கரைசல். நீரற்ற பொட்டாசியம் கார்பனேட்டில் உலர்த்தி, வடிகட்டி, டொலுயீனை ரோட்டரியில் எடுத்துவிட்டு, மீதியை வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கலாம். முழுவதும் மாறினால் கிடைக்க வேண்டியது 15.0 கிராம்.

கணக்குப்படி தண்ணி 1.8 மி.லி. எனக்கு 2 மி.லி-க்கு மேல வந்துச்சு. நூறு சதவீதத்துக்கு மேல வினை நடக்குமா?

நடக்காது. உங்கள் குழாயில் இருப்பது சுத்தத் தண்ணீர் இல்லை. எத்திலீன் கிளைக்கால் தனியாக 197 டிகிரியில் கொதித்தாலும் கொஞ்சம் டொலுயீன் ஆவியோடு சேர்ந்து மேலே வரும். குழாயில் இறங்கியதும் அது தண்ணீரில்தான் கரையும். அதனால் நீர் அடுக்கு கணக்கை விடக் கூடுதலாகக் காட்டும். கிளைக்காலை 0.1-க்குப் பதில் 0.12 மோல் எடுக்கச் சொன்னது இந்த இழப்புக்கும் சேர்த்துத்தான். சல்போனிக் அமிலத்தின் படிகநீர் 0.02 மி.லி கூட வராது, அதைக் குற்றம் சொல்ல வேண்டாம். டொலுயீன் உலராமல் இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிஞ்சதான்னு பார்க்க 2,4-டி.என்.பி போட்டேன். ஆரஞ்சு வீழ்படிவு வந்துடுச்சு. அப்போ வினையே நடக்கலையா?

அந்தச் சோதனையை இங்கே நம்பாதீர்கள். 2,4-டி.என்.பி கரைசலைத் தயாரிக்கும்போது கந்தக அமிலம் சேர்க்கிறோம், தண்ணீரும் இருக்கிறது. அசிட்டாலை அதில் விட்டதும் அது உடைந்து ஆல்டிஹைடு ஆகிறது, அந்த ஆல்டிஹைடு ஆரஞ்சு கொடுக்கிறது. நீங்கள் பார்த்தது உங்கள் குடுவையில் இருந்த ஆல்டிஹைடா, சோதனைக் குழாயிலேயே பிறந்த ஆல்டிஹைடா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டாலன்ஸ் கரைசலைப் போட்டுப் பாருங்கள். அது கார ஊடகம், அசிட்டால் அதில் அசையாது. பென்சால்டிஹைடு மிச்சம் இருந்தால் வெள்ளி ஆடி வரும், இல்லாவிட்டால் வராது. ஒரே பொருள் ஒரு சோதனையில் ஆம் என்றும் மற்றதில் இல்லை என்றும் சொல்வது முரண்பாடு போலத் தெரியும். ஊடகத்தைப் பார்த்தால் இரண்டும் சரியாகவே சொல்கின்றன.

கருவி இருக்கும் கல்லூரி என்றால் ஐ.ஆர். எடுங்கள். 1700 செ.மீ⁻¹ பக்கம் இருந்த கார்பனைல் பட்டை மறைந்திருக்க வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் புரோட்டான் என்.எம்.ஆர். ஆல்டிஹைடு ஹைட்ரஜன் 10.0-ல் ஒற்றைக் கோடாக நிற்கும். அசிட்டால் ஆனதும் அதே ஹைட்ரஜன் 5.8-க்கு இறங்கிவிடும், 4.0-ஐ ஒட்டி OCH₂ ஹைட்ரஜன்கள் நான்கும் தெரியும். 5.8 கோட்டின் பரப்பு 0.96, 10.0 கோட்டின் பரப்பு 0.04 என்றால் நூற்றுக்கு நான்கு பங்கு ஆல்டிஹைடு மிச்சம். இரண்டும் ஒரே ஒரு ஹைட்ரஜனைக் குறிப்பதால் கணக்கு அவ்வளவு நேரடி.

ஆனால் இங்கேயும் ஒரு குழி உண்டு. பழைய CDCl₃-ல் சிறிதளவு HCl சேர்ந்திருக்கும். காலையில் கரைத்து வைத்து மாலையில் அளந்தால் 10.0 கோடு வளர்ந்திருக்கும். CDCl₃-ஐக் கொஞ்சம் பொட்டாசியம் கார்பனேட் மேல் விட்டு வடித்துப் பயன்படுத்துங்கள். டி.எல்.சி தட்டின் சிலிக்காவும் லேசான அமிலம்தான், ஓடும் கரைப்பானில் நூற்றுக்கு ஒரு பங்கு ட்ரைஎத்தில் அமீன் சேர்த்தால் பொய்ப் புள்ளி வராது.

எல்லாம் சரியா வந்துச்சு சார், ஆனா ரோட்டரியில போட்டு எடுத்ததும் மறுபடி பென்சால்டிஹைடு வாசனை. என்ன ஆச்சு?

பைகார்பனேட் கழுவலைத் தவிர்த்திருப்பீர்கள், அல்லது சரியாகக் குலுக்கியிருக்க மாட்டீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எம்.எஸ்சி. படிக்கும்போது குழாயில் தண்ணீர் சரியாக நின்ற மகிழ்ச்சியில், கழுவுவதை நாளைக்குப் பார்க்கலாம் என்று குடுவையை மூடி வைத்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். மழைக்காலம். மறுநாள் நேராகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அந்த நீர் pH தாளைச் சிவப்பாக்கியதைப் பார்த்தும் உறைக்கவில்லை. டொலுயீன் போகப் போக வாதுமைக் கொட்டை வாசனை ஏறியது. ஐ.ஆரில் கார்பனைல் பட்டை நெட்டுக்குத்தாக நின்றது. நான்கு மணி நேர உழைப்பில் பாதி திரும்ப ஆல்டிஹைடாகிவிட்டது.

காரணம் எளியது. அமிலமும் இருக்கிறது, தண்ணீரும் வந்துவிட்டது. மேலே சொன்ன வழி அப்படியே திரும்பி ஓட வேறு என்ன வேண்டும்? ரோட்டரியில் டொலுயீன் குறையக் குறைய அமிலத்தின் செறிவு வேறு கூடுகிறது. முதல் கழுவல் நீர் குமிழி விட்டு அடங்கி, pH தாளில் 8 பக்கம் காட்டும் வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

திரும்ப ஆல்டிஹைடா மாத்த தனி மெக்கானிசம் படிக்கணுமா?

வேண்டாம். எழுதிய தாளைக் கீழிருந்து மேலே படியுங்கள்.

அசிட்டாலின் இரண்டு ஆக்சிஜனில் ஒன்றின் மேல் புரோட்டான் ஏறுகிறது. அந்தப் பக்கத்து C–O பிணைப்பு உடைந்து வளையம் திறக்கிறது. மற்ற ஆக்சிஜன் எலக்ட்ரான் கொடுத்துத் தாங்க, அதே ஆக்ஸோகார்பீனியம் அயனி, PhCH=O⁺–CH₂CH₂OH. பென்சால்டிஹைடு அசிட்டாலில் மெதுவான படி பொதுவாக இதுதான். இப்போது தண்ணீர் அந்தக் கார்பனைத் தாக்குகிறது, ஒரு புரோட்டான் இறங்கி ஹெமி அசிட்டால் ஆகிறது. பிறகு OR ஆக்சிஜன் மேல் புரோட்டான் ஏறி, OH-இன் தனி இணை உள்ளே தள்ள, கிளைக்கால் வெளியேறுகிறது. கிடைக்கும் PhCH=OH⁺ தன் புரோட்டானை விட்டால் பென்சால்டிஹைடு.

செய்முறை: அசிட்டால் 1.5 கிராம் (10 மில்லி மோல்), டெட்ராஹைட்ரோ பியூரான் 10 மி.லி, 2 மோலார் HCl 5 மி.லி. அறை வெப்பத்தில் கலக்கி, அரை மணிக்கு ஒருமுறை டி.எல்.சி பாருங்கள். டெட்ராஹைட்ரோ பியூரான் இல்லாவிட்டால் அசிட்டால் தண்ணீரில் கரையாமல் எண்ணெயாக மிதந்து, வினை படுத்துவிடும். அந்த 5 மி.லி-யில் தண்ணீர் கிட்டத்தட்ட 0.28 மோல், அசிட்டாலைப் போல 28 மடங்கு. உருவாக்கும்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் துரத்தினோம், இங்கே அதையே அள்ளிக் கொட்டுகிறோம். முடிந்ததும் ஈதரில் பிரித்தெடுத்தால் கிளைக்கால் நீர் அடுக்கோடு போய்விடும். பைகார்பனேட்டால் கழுவி, உலர்த்தி, ஈதரை எடுங்கள். கிடைக்க வேண்டியது 1.06 கிராம். காற்றில் திறந்து வைத்தால் மறுபடியும் பென்சாயிக் அமிலம்தான்.

மெத்தனால்ல செஞ்ச அசிட்டால் சட்டுனு உடையுது, கிளைக்கால்ல செஞ்சது மெதுவா உடையுது. ஏன்?

வளையம் திறந்தாலும் வெளியேறிய OH எங்கும் போகவில்லை. அது அதே மூலக்கூறின் வாலில் ஆடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வந்து சேரும் முன்னே அதுவே திரும்பி வந்து மூடிவிட நல்ல வாய்ப்பு உண்டு. மெத்தனால் அசிட்டாலில் வெளியேறிய மெத்தனால் கரைசலில் கலந்து காணாமல் போகிறது.

சமநிலையிலும் கிளைக்காலுக்கு ஓர் அனுகூலம் உண்டு. மெத்தனாலில் மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து இரண்டாகின்றன, என்ட்ரோபி குறைகிறது. கிளைக்காலில் இரண்டு சேர்ந்து இரண்டுதான், பெரிய இழப்பு இல்லை. மெத்தனால் அசிட்டால்தான் வேண்டும் என்றால் டீன்–ஸ்டார்க்கும் உதவாது, மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்து ஓடிவிடும். அங்கே ட்ரைமெத்தில் ஆர்த்தோபார்மேட் சேர்ப்பார்கள். அது தண்ணீரை விழுங்கி மெத்தனாலும் மெத்தில் பார்மேட்டும் ஆகிறது.

ஆல்டிஹைடை அசிட்டாலாக்கி, மறுபடி ஆல்டிஹைடாக்கறது எதுக்கு? சுத்தி வளைக்கிற வேலையா இல்லையா?

4-புரோமோ பென்சால்டிஹைடை எடுங்கள். புரோமின் இருக்கும் இடத்தில் கிரிக்னார்டு செய்ய வேண்டும். நேராக மெக்னீசியம் போட்டால் உண்டாகும் கிரிக்னார்டு பக்கத்து மூலக்கூறின் CHO-வையே தாக்கிவிடும். முதலில் CHO-வை டைஆக்ஸோலேனாக மூடிவிட்டால் மெக்னீசியம் நிம்மதியாகப் புரோமினோடு வேலை செய்யும். கிரிக்னார்டு கரைசல் கடுமையான காரம், அசிட்டால் அதற்கு அசையாது. எல்லாம் முடிந்தபின் அமிலமும் தண்ணீரும் விட்டால் CHO பத்திரமாக வெளியே வரும்.

வெல்லத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு வகுப்புல சொன்னீங்களே, அது என்ன?

கடத்தூர், பாலக்கோடு பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இது உடனே புரியும். கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸில் குளுக்கோஸையும் பிரக்டோஸையும் இணைக்கும் ஆக்சிஜன் பாலத்தின் இரண்டு முனையும் அசிட்டால் வகைப் பிணைப்புதான். குளுக்கோஸ் பக்கம் ஆல்டிஹைடின் அசிட்டால், பிரக்டோஸ் பக்கம் கீட்டோனின் அசிட்டால். இரண்டு கார்பனைலும் பூட்டப்பட்டிருப்பதால் சுக்ரோஸ் ஃபெலிங் கரைசலை ஒடுக்காது. பிளஸ் டூ ஆய்வகத்தில் நீர்த்த HCl விட்டுக் கொதிக்க வைத்து, நடுநிலையாக்கி, பிறகு ஃபெலிங் போட்டால் செங்கல் சிவப்பு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் செய்தது அசிட்டாலின் நீராற்பகுத்தல்.

கரும்புச் சாறு இயல்பிலேயே அமிலம், pH 5-க்குச் சற்று மேலே. அதை அப்படியே கொப்பரையில் ஏற்றி மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் அமிலமும் தண்ணீரும் சூடும் சேர்ந்து சுக்ரோஸின் ஒரு பகுதியை உடைக்கும். குளுக்கோஸும் பிரக்டோஸும் கலந்த பாகு படிகமாகாது, வெல்லம் கட்டிப்படாமல் பிசுபிசுக்கும். அதனால்தான் சாறு காயும்போதே சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறார்கள். அழுக்கு திரண்டு மேலே வருவது கண்ணுக்குத் தெரிகிற பலன். pH 7-ஐ நெருங்கி, புரோட்டான் குறைந்து, அசிட்டால் உடையாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியாத பலன். வெட்டி இரண்டு மூன்று நாள் கிடந்த கரும்பில் சுண்ணாம்பு விட்டும் பயன் குறைவு, ஏனென்றால் கரும்பிலேயே இருக்கும் இன்வர்டேஸ் நொதி அடுப்பேறும் முன்பே அந்த வேலையைச் செய்துவிட்டிருக்கும்.

வீட்டில் இதற்கு நேர் எதிரான காரியத்தை அம்மாக்கள் செய்கிறார்கள். குலாப் ஜாமூனுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிவார்கள். பாகு ஆறியபின் கெட்டித்துப் பூக்காமல் இருக்க என்பார்கள். சிட்ரிக் அமிலத்தின் புரோட்டான் அந்தப் பாலத்தின் ஆக்சிஜன் மேல் ஏறி, கொஞ்சம் சுக்ரோஸை உடைத்துவிடுகிறது. உடைந்த குளுக்கோஸும் பிரக்டோஸும் நடுவில் நின்று மீதிச் சுக்ரோஸைப் படிகமாக அடுக்கவிடுவதில்லை.

கேள்வி கடைசி சார்: சுக்ரோஸ் உடையும்போதும் ஆக்ஸோகார்பீனியம் அயனி வருமா?

வரும். எந்தப் பக்கம் வரும் என்று நீங்களே வரைந்து பாருங்கள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: பிரக்டோஸ் பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் கிடையாது. அதற்குப் பதிலாக இன்னொரு கார்பன் ஒட்டியிருக்கிறது.